சீசன்ல மட்டும் காசு வர்ற மேக்கப் ஆர்ட்டிஸ்ட், வருமான வரிக்கு எப்படி ஒதுக்கி வைக்கறது: முழு வழிகாட்டி

இது தனியா தொழில் பண்ற பிரைடல் மேக்கப் ஆர்ட்டிஸ்ட்களுக்காக எழுதினது. சொந்தமா சின்ன பார்லர் வச்சிருக்கவங்க, வீட்டுக்கே போய் சர்வீஸ் பண்றவங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். நான் இந்தத் தொழில்ல இருக்கறவங்களுக்கு கணக்கு பார்க்கறேன், புதுசா வர்றவங்க எல்லாரும் தடுக்கி விழற இடம் ஒண்ணுதான்: மார்ச் மாசம் ஆடிட்டர் ஒரு தொகை சொல்வாரு, அந்தத் தொகை கையில இருக்காது, ஏன்னா அது வைகாசியிலயே வந்து ஆடியிலயே செலவாகிருக்கும். வரி ரேட் அதிகம்ங்கறது இங்க பிரச்சனையே இல்ல, காசு வர்ற நேரமும் வரி கட்டற நேரமும் ஒத்துப்போகலங்கறதுதான் பிரச்சனை. கீழ இருக்கற ஸ்டெப்பை இதே வரிசையில பண்ணுங்க, ஒவ்வொண்ணும் அதுக்கு முந்தினதோட நம்பரை வச்சுதான் நடக்குது.

கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு, புது வரி முறையில போட்டது. 2026 ஏப்ரல் 1-ல இருந்து 2025-ம் வருஷ வருமான வரிச் சட்டம்தான், அதனால செக்‌ஷன் நம்பரெல்லாம் வேற, ஆனா ஒதுக்கி வைக்கற முறை அதேதான்.

1. உங்களுக்கு வரி வருமான்னு மொதல்ல பாருங்க

வருஷ லாபம், அதாவது செலவெல்லாம் போக நிக்கறது, 12 லட்சத்தைத் தாண்டலைன்னா புது முறையில வரி ஸீரோ. 12 லட்சம் வரைக்கும் வர்ற 60,000 ரூபா வரிய அரசாங்கமே தள்ளுபடி பண்ணிடுது. அதுக்காக ரிட்டர்ன் போட வேண்டாம்னு அர்த்தம் இல்ல, லாபம் 4 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் போட்டாகணும்.

இங்கயே ரெண்டு தப்பு நடக்குது. ஒண்ணு, "12.75 லட்சம் வரைக்கும் வரி இல்லையாமே"ன்னு வர்றது. அந்த 75,000 சம்பளக்காரங்களுக்கும் பென்ஷன்காரங்களுக்கும் கிடைக்கற கழிவு, சொந்தத் தொழில் பண்றவங்களுக்கு கிடையாது, நமக்கு எல்லை 12 லட்சத்தோட நின்னுடும். இன்னொண்ணு, மேக்கப் வருமானத்தை மட்டும் எண்ணறது. கிளாஸ் எடுத்து வர்ற ஃபீஸ், இன்ஸ்டாகிராம்ல ப்ராடக்ட் போட்டு வாங்கற காசு, எஃப்டி வட்டி, மாடி வீட்டு வாடகை, இதெல்லாம் சேர்த்துதான் அந்த 12 லட்சம். வீட்டுக்காரரோட சம்பளம் இதுல சேராது, அவர் கணக்கு தனி.

பழைய முறைய நீங்களா கேட்டு வாங்கினாத்தான் வரும், இல்லைன்னா தானாவே புது முறைதான். பெரிய வீட்டுக் கடன், இன்சூரன்ஸ்னு கழிவு நிறைய இல்லாதவங்க பழையதைப் பத்தி யோசிக்கவே வேண்டாம்.

லாபம் பத்தரை லட்சத்துக்கு மேல வரும்னு தோணுதுன்னா தொடர்ந்து படிங்க. அதுக்கும் கீழன்னா 2, 4-ம் ஸ்டெப் மட்டும் போதும், அடுத்த வருஷத்துக்கு உதவும்.

2. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில வேண்டியது

ரெண்டு பேங்க் அக்கவுண்ட் வேணும். ஒண்ணு தொழில் காசு வர்றதுக்கு, மணப்பொண்ணு வீட்டுக்கு நீங்க அனுப்பற க்யூஆர் கோடு இந்த அக்கவுண்ட்டோடதா இருக்கணும். இன்னொண்ணு வரிக்கு மட்டும். இந்த ரெண்டாவது அக்கவுண்ட்டை ஜிபே, ஃபோன்பே எதுலயும் சேர்க்காதீங்க, டெபிட் கார்டும் வாங்காதீங்க, வேற பேங்க்ல இருந்தா இன்னும் நல்லது. காரணம் சிம்பிள்: கடையில நின்னு பேலன்ஸ் பார்க்கறப்ப இந்தக் காசு கண்ணுல படக்கூடாது.

அப்புறம் போன ஏப்ரல்ல இருந்து இந்த மார்ச் வரைக்கும் உள்ள பேங்க் ஸ்டேட்மென்ட், புக்கிங் டைரி, ஒரு நோட்டு. வருமான வரி போர்ட்டல்ல லாகின் பண்ணி ஏஐஎஸ் ஒரு தடவை இறக்கிப் பாருங்க, உங்க பான் நம்பர்ல யார் யார் என்ன காட்டிருக்காங்கன்னு அதுல இருக்கும். பான் ஆதார் லிங்க் ஆகலைன்னா அதை மொதல்ல முடிங்க.

வரிக் காசை சீட்டுல போடலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. வேண்டாம். சீட்டு எடுக்கற மாசம் நம்ம கையில இல்ல, நகைச்சீட்டு முடியறப்ப பணம் வராது, நகைதான் வரும். சேவிங்ஸ் அக்கவுண்ட்டே போதும், வட்டி வேணும்னா மார்ச் 5-க்குள்ள முடியற மாதிரி சின்ன எஃப்டியா போடுங்க.

3. போன வருஷத்தை மாசமா பிரிக்காதீங்க, சீசனா பிரிங்க

"மாசம் எவ்ளோ வரும்"னு கேட்டா இந்தத் தொழில்ல யாராலயும் சரியா சொல்ல முடியாது, ஏன்னா ஆடியில ஒண்ணும் இருக்காது, மார்கழியில ஒண்ணும் இருக்காது, புரட்டாசியில ரொம்ப கம்மி, அதே வைகாசியில ஒரே நாள்ல ரெண்டு முகூர்த்தம் பிடிக்கறவங்க இருக்காங்க. சராசரி போட்டா வர்ற நம்பர் எந்த மாசத்துக்கும் பொருந்தாது. அதனாலதான் மாசம் இவ்ளோன்னு ஆர்டி மாதிரி போட்டவங்க எல்லாம் ஆடியில நிறுத்திடறாங்க, நிறுத்தினது திரும்ப ஓடறதே இல்ல.

வருஷம் முடியறதுக்கு முன்னாடியே கட்டற அட்வான்ஸ் டாக்ஸோட தேதிகளைப் பாருங்க: ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. நம்ம காலண்டர்ல இது கிட்டத்தட்ட வைகாசி முடிவு, ஆவணி முடிவு, கார்த்திகை முடிவு, மாசி முடிவு. அதாவது ஒவ்வொரு தேதியும் ஒரு கல்யாண சீசன் முடிஞ்ச கையோட வருது, காசு அப்பதான் கையில இருக்கும். அதனால ஸ்டேட்மென்ட்டை இந்த நாலு தேதியில வெட்டுங்க.

ஒரு உதாரணம் எடுத்துக்கறேன், கடைசி வரைக்கும் இதே நம்பர்தான் வரும். மதுரைப் பக்கம் ஒரு பிரைடல் ஆர்ட்டிஸ்ட், வருஷத்துல மொத்த வரவு 19 லட்சம்:

- ஏப்ரல் 1 – ஜூன் 15: 6,20,000
- ஜூன் 16 – செப்டம்பர் 15: 4,60,000
- செப்டம்பர் 16 – டிசம்பர் 15: 3,40,000
- டிசம்பர் 16 – மார்ச் 15: 4,30,000
- மார்ச் 16 – 31: 50,000

முஸ்லிம் கல்யாணம் நிறைய பண்றவங்களுக்கு நோன்பு மாசம் காலியா இருக்கும், கிறிஸ்தவக் கல்யாணம் பண்றவங்களுக்கு தவக்காலம் காலியா இருக்கும், அவங்களுக்கு இந்த வரிசை வேற மாதிரி வரும். தேதி அதே நாலுதான், எந்தத் துண்டுல காசு அதிகம்னு உங்க ஸ்டேட்மென்ட்டே சொல்லும்.

வரவுன்னா உங்க கைக்கு வந்த முழுத் தொகை. சாரி ட்ரேப்பருக்கும் ஹேர் ஸ்டைலிஸ்ட்டுக்கும் நீங்க பிரிச்சுக் கொடுக்கறதும் மொதல்ல உங்க வரவுலதான் சேரும், அப்புறம் செலவுல கழியும். இது முக்கியம், ஏன்னா சர்வீஸ் பண்றவங்களுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷன் வந்துடும், அங்க பார்க்கறது லாபத்தை இல்ல, இந்த முழு வரவைத்தான். ஜிஎஸ்டி வாங்கறவங்க அந்தக் காசை வரவுல சேர்க்காதீங்க, வரி அக்கவுண்ட்லயும் கலக்காதீங்க, அது வேற கணக்கு.

4. ஒரு புக்கிங்கை முழுசா பிரிச்சு லாபம் எவ்ளோ நிக்குதுன்னு பாருங்க

லாபம்ங்கறதை மனசுல நினைச்சு சொல்லாதீங்க, ஒரு நார்மல் புக்கிங்கை எடுத்து வச்சு எழுதுங்க. வைகாசியில ஒரு கல்யாணம், ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்து ரெண்டு லுக், 32,000 ரூபா. பிப்ரவரியில 10,000 டோக்கன் போட்டாங்க, கல்யாணம் முடிஞ்சதும் 22,000. அதுல சாரி ட்ரேப்பருக்கு 2,000, கூட வந்த அசிஸ்டண்ட்டுக்கு 2,500, விடியற்காலை மூணு மணிக்கு மண்டபம் போக வர கார் 1,500. ஃபவுண்டேஷன், ஐ லேஷ், செட்டிங் ஸ்ப்ரே, ஹேர்பின், காட்டன்னு தீர்ந்தது 2,000. ஆக செலவு 8,000, நின்னது 24,000. நூத்துக்கு 75.

இதை மாதிரி மூணு நாலு புக்கிங் போட்டுட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற செலவையும் பாருங்க, புது லைட், ட்ராலி, கோர்ஸ் ஃபீஸ், விளம்பரம். லைட் மாதிரி பல வருஷம் உழைக்கற சாமானை ஒரே வருஷத்துல முழுசா கழிக்க முடியாது, தேய்மானமா கொஞ்சம் கொஞ்சமாதான் கழியும். உங்களுக்கு நீங்க எடுத்துக்கற காசு செலவே இல்ல. சொந்த விசேஷத்துக்கு வாங்கின புடவையும் செலவு இல்ல, "ஷூட்டுக்கு கட்டினேன்"னு சொன்னாலும்.

நம்ம உதாரணத்துல வருஷ செலவு 5 லட்சம், லாபம் 14 லட்சம்.

சின்னத் தொழில்காரங்க முழுக் கணக்கு எழுதாம வரவுல இத்தனை பெர்சன்ட் லாபம்னு காட்டற 44ஏடி செக்‌ஷனைப் பத்தி இங்க ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "44ஏடி-ல போட்டா ஆறு பெர்சன்ட் காட்டினா போதுமாமே?" மேக்கப், பார்லர் தொழில் டாக்டர், வக்கீல், ஆர்க்கிடெக்ட் பட்டியல்ல வராது, அதனால 50 பெர்சன்ட் காட்டற 44ஏடிஏ நமக்கு இல்ல, 44ஏடி-தான் பொதுவா பொருந்தும். அதுல பேங்க், யூபிஐ வழியா வந்த வரவுக்கு 6 பெர்சன்ட், கேஷா வந்ததுக்கு 8 பெர்சன்ட் லாபம்னு எடுத்துக்கறாங்க. ஆனா அது தரை, அதுக்குக் கீழ காட்ட முடியாதுன்னு அர்த்தம். உண்மையில 14 லட்சம் நிக்கறவங்க 1,14,000-ன்னு காட்டிட்டு அதே வருஷம் காரும் பிளாட் அட்வான்ஸும் போட்டா அந்தப் பணம் எங்கிருந்து வந்துச்சுன்னு கேள்வி வரத்தான் செய்யும், நாளைக்கு வீட்டு லோனுக்குப் போனா பேங்க்காரங்க அந்த 1,14,000-ஐ வச்சுதான் எடை போடுவாங்க. உண்மை லாபம் அதிகம்னா அதையே 44ஏடி-ல காட்டலாம், ஐடிஆர்-4 ஃபார்ம்லயே போடலாம். நான் எல்லாருக்கும் சொல்றது, ஒதுக்கறது எப்பவும் உண்மை லாபத்துக்கு ஒதுக்குங்க.

இன்னொண்ணு, நகை வாடகைக்காரங்க, ஃபோட்டோகிராஃபர்கிட்ட இருந்து ஆள் அனுப்பினதுக்கு கமிஷன் வாங்கறவங்க இருக்கீங்க. கமிஷன் வருமானம் இருக்கறவங்களுக்கு 44ஏடி கிடையாதுன்னு சட்டத்துலயே இருக்கு. அப்படி வருதுன்னா அதை ஆடிட்டர்கிட்ட மறைக்காம மொதல்லயே சொல்லிடுங்க, அவர் எந்த ஃபார்ம்னு முடிவு பண்றதே அதை வச்சுதான்.

5. உங்க பெர்சன்டேஜை கண்டுபிடிங்க

புது முறையில மொத 4 லட்சத்துக்கு வரி இல்ல. 4-ல இருந்து 8 லட்சம் வரைக்கும் 5 பெர்சன்ட், 8-12 வரைக்கும் 10, 12-16 வரைக்கும் 15, 16-20 வரைக்கும் 20. வர்ற வரி மேல 4 பெர்சன்ட் செஸ்.

14 லட்சம் லாபத்துக்கு: 20,000 + 40,000 + 30,000 = 90,000. செஸ் 3,600. மொத்தம் 93,600.

இப்ப இதை லாபத்தால வகுக்காதீங்க, வரவால வகுங்க:

```
93,600 ÷ 19,00,000 × 100 = 4.9
```

வரவால வகுக்கறது ஏன்னா, காசு உள்ள வர்றப்ப உங்களுக்குத் தெரியறது வரவு மட்டும்தான். அந்த புக்கிங்ல என்ன லாபம்னு வாரம் கழிச்சு உக்காந்து கணக்குப் பார்த்து ஒதுக்கணும்னா யாரும் ஒதுக்க மாட்டாங்க.

4.9-ஐ அப்படியே வைக்காம 6-ன்னு வைங்க. இந்த வருஷம் நல்லா போச்சுன்னா கூட வர்ற ஒவ்வொரு ரூபா லாபத்துக்கும் வரி 15.6 பைசா, சராசரி ரேட்ல கணக்குப் போட்டவங்களுக்கு அங்கதான் இடிக்கும். ஒரு பெர்சன்ட் கூட வச்சா அந்த இடிய தாங்கிக்கும்.

6. காசு வந்த அன்னிக்கே பிரிங்க

டோக்கன் 10,000 வந்ததா, அன்னிக்கே 600 வரி அக்கவுண்ட்டுக்கு. கல்யாண நாள்ல 22,000 வந்ததா, 1,320. கேஷா வாங்கினாலும் அதே தொகைய தொழில் அக்கவுண்ட்ல இருந்து மாத்துங்க, கேஷை "அப்புறம் பார்த்துக்கலாம்"னு பர்ஸ்ல வச்சா அது கணக்குலயும் வராது, ஒதுக்கலயும் வராது. தினமும் மாத்தறது தொல்லையா இருந்தா ஞாயிறு ராத்திரி ஒரு தடவை, அந்த வாரம் வந்த மொத்தத்துக்கு 6 பெர்சன்ட். மாசக் கடைசின்னு தள்ளாதீங்க, சீசன்ல ஒரு மாசக் காசு மாசக் கடைசி வரைக்கும் இருக்காது.

நோட்டுல நாலு காலம் போதும்: தேதி, யார், வந்தது, ஒதுக்கினது. கல்யாணம் நின்னு போய் டோக்கனை திருப்பிக் கொடுத்தீங்கன்னா மைனஸ் போட்டு எழுதி அந்த 600-ஐ திரும்ப எடுத்துக்கோங்க.

இந்த முறையோட பலம் ஆடியில தெரியும். வரவு இல்லைன்னா ஒதுக்கவும் ஒண்ணும் இல்ல, எதையும் நீங்க "தவற விடல". அதே உதாரணத்துல ஜூன் 15 வரைக்கும் 37,200 சேர்ந்திருக்கும், அடுத்த துண்டுல 27,600, அப்புறம் 20,400, அப்புறம் 25,800. மார்ச் 15-க்கு 1,11,000 ரெடி. மாசம் 7,800-ன்னு சமமா போட நினைச்சவங்களுக்கு வைகாசியில அது சில்லறையா தெரியும், மார்கழியில மலையா தெரியும்.

7. 12 லட்சத்து வாசல்ல நிக்கறவங்க கவனிங்க

இந்த இடத்துலதான் நிறைய பேர் மாட்டறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

டிசம்பர் வரைக்கும் கணக்குப் பார்த்து ஒருத்தங்க "என் லாபம் பதினொன்றரை லட்சம்தான் வரும், வரி இல்ல"ன்னு ஒண்ணுமே ஒதுக்கல. மாசியில வெளியூர் கல்யாணம் ஒண்ணு வந்து, நாலு ஃபங்ஷன், குடும்பத்துப் பொம்பளைங்களுக்கும் மேக்கப்னு 1,20,000 லாபம் நின்னுச்சு. மொத்த லாபம் 12,70,000. இப்ப வரி எவ்ளோ தெரியுமா? ஸ்லாப்படி 70,500 வருது, ஆனா 12 லட்சத்துக்கு மேல எவ்ளோ தாண்டினீங்களோ அதைவிட வரி அதிகமா போகக்கூடாதுன்னு ஒரு விதி இருக்கறதால 70,000-ல நிக்குது, செஸ் சேர்த்து 72,800. அந்த ஒரு கல்யாணத்துல சம்பாதிச்ச 1,20,000-ல பாதிக்கு மேல வரிக்கே போகுது, மார்ச் 15-க்குள்ள.

12 லட்சத்துக்கும் ஏறத்தாழ 12,70,000-க்கும் நடுவுல கூட வர்ற ஒவ்வொரு ரூபாயும் கிட்டத்தட்ட முழுசாவே வரிக்குப் போயிடும், அதைத் தாண்டினப்புறம்தான் நார்மல் ரேட். தாண்டுவோமா மாட்டோமான்னு முடிவாகறது தை, மாசியிலதான், அதுவரைக்கும் உங்களுக்கே தெரியாது. அதனால பத்தரை லட்சத்துக்கு மேல எதிர்பார்க்கறவங்க தாண்டிடுவோம்னு வச்சுக்கிட்டே வரவுல 5 பெர்சன்ட் ஒதுக்குங்க. தாண்டலைன்னா ஏப்ரல்ல அந்தப் பணம் முழுக்க உங்களுது, தாண்டினா அந்தக் கல்யாணக் காசைத் தொட வேண்டியதில்ல.

இதோட சேர்ந்து வர்ற சிக்கல் டோக்கன். சித்திரை, வைகாசி கல்யாணத்துக்கு பிப்ரவரி, மார்ச்லயே டோக்கன் குவியும். காசு வந்த தேதியை வச்சு கணக்கு எழுதறவங்களுக்கு அது இந்த வருஷ வருமானம், வேலை முடிஞ்ச தேதியை வச்சு எழுதறவங்களுக்கு அடுத்த வருஷம். ரெண்டும் சரியான முறைதான், ஆனா எது நமக்கு வசதியோ அதை வருஷத்துக்கு ஒண்ணா மாத்திக்க முடியாது, ஒண்ணைப் பிடிச்சா அதையே தொடரணும். உங்க கணக்கு எந்த முறைன்னு ஆடிட்டர்கிட்ட இன்னிக்கே கேளுங்க, வாசல்ல நிக்கறவங்களை ரெண்டு டோக்கனே உள்ள தள்ளிடும்.

8. செப்டம்பர் 15-க்கு ஒரு தடவை உக்காந்து திருத்துங்க

புரட்டாசியில வேலை கம்மி, அதுதான் இதுக்கு சரியான நேரம். அஞ்சரை மாசக் கணக்கு கையில இருக்கும், மீதிக்கு போன வருஷத்து அதே துண்டுகளையும் ஏற்கனவே பிடிச்ச புக்கிங்கையும் வச்சு எதிர்பார்ப்பு போடுங்க. ஃபார்முலா இதுதான்:

```
(வருஷ வரி - இதுவரை ஒதுக்கினது) ÷ மீதி எதிர்பார்க்கற வரவு × 100
```

நம்ம ஆர்ட்டிஸ்ட் 6-க்கு பதிலா 4 பெர்சன்ட் ஒதுக்கியிருந்தாங்கன்னு வைங்க. 10,80,000 வரவுக்கு 43,200 சேர்ந்திருக்கும். இதுக்கு நடுவுல ஒரு அசிஸ்டண்ட் நின்னுட்டதால செலவு குறைஞ்சு லாபம் 15 லட்சம் வரும்போல தெரியுது. வரி 1,05,000, செஸ் சேர்த்து 1,09,200. மீதி தேவை 66,000, மீதி வரவு 8,20,000, அதாவது 8 பெர்சன்ட்டுக்கு கொஞ்சம் மேல. இனிமே எட்டரைன்னு வச்சா முடிஞ்சுது. 4 பெர்சன்ட்லயே போய் இதை மார்ச் 15-ல கண்டுபிடிச்சா ஒரே அடியில 35,200 தேடணும், அப்ப ஐப்பசி, கார்த்திகை, தை எல்லாம் முடிஞ்சிருக்கும்.

9. யாராவது டிடிஎஸ் பிடிச்சிருக்காங்களா பாருங்க

கல்யாண வீட்டுக்காரங்க டிடிஎஸ் பிடிக்க மாட்டாங்க. விளம்பர ஷூட் கம்பெனி, ஈவென்ட் கம்பெனி, வீட்டு சர்வீஸ் ஆப், இவங்க பிடிப்பாங்க. 60,000 பேசி 54,000 வந்துச்சுன்னா மீதி 6,000 உங்க பேர்ல வரியா போயிருக்கு. நோட்டுல வரவு 60,000-ன்னு எழுதுங்க, 54,000-ன்னு இல்ல. அந்த 6,000 மொத்த வரியில கழியும்.

பிப்ரவரி கடைசியில ஏஐஎஸ்-ஐயும் 26ஏஎஸ்-ஐயும் திறந்து பிடிச்சது ஏறியிருக்கான்னு பாருங்க. ஜனவரியில இருந்து பிடிச்சது லேட்டாதான் ஏறும், அதுக்கு முன்னாடி பிடிச்சது ஏறலைன்னா அந்தக் கம்பெனிக்கு உடனே மெயில் போடுங்க. பான் நம்பர்ல ஒரு எழுத்து தப்பா கொடுத்திருப்பீங்க, அதுதான் முக்கால்வாசி காரணம்.

10. எப்ப கட்டறது, எப்படி கட்டறது

டிடிஎஸ் போக கட்ட வேண்டிய வரி 10,000 அல்லது அதுக்கு மேலன்னா அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும். 44ஏடி-ல போறவங்களுக்கு ஒரே தவணை, மார்ச் 15-க்குள்ள முழுசும். முழு கணக்குப் புத்தகம் எழுதி ஐடிஆர்-3 போடறவங்களுக்கு நாலு தவணை: ஜூன் 15-க்குள்ள 15 பெர்சன்ட், செப்டம்பர் 15-க்குள்ள 45, டிசம்பர் 15-க்குள்ள 75, மார்ச் 15-க்குள்ள 100. இதெல்லாம் மொத்தமா சேர்ந்து வர்ற அளவு, ஒவ்வொரு தடவையும் தனியா கட்டறது இல்ல.

கட்டாம விட்டா என்ன ஆகும்? நம்ம உதாரணத்துல 93,600-ஐ மார்ச்ல கட்டாம ஜூலையில ரிட்டர்னோட கட்டினா, மார்ச் தவணை தவறினதுக்கு 936, ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் மாசம் ஒரு பெர்சன்ட்னு 3,744, ஆக 4,680 வட்டி. மார்ச் 15 தவறிட்டாலும் 31-க்குள்ள கட்டிடுங்க, அந்த 3,744 வராது.

கட்டற முறை: incometax.gov.in போய் e-Pay Tax அழுத்துங்க. பான் நம்பர், மொபைல் நம்பர் போட்டா ஓடிபி வரும். அப்புறம் Income Tax கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, 2025-26 வருமானத்துக்கு Assessment Year 2026-27, Type of Payment-ல Advance Tax (100). அடுத்த பக்கத்துல தொகைய Tax கட்டத்துல போட்டு, நெட் பேங்கிங்லயோ யூபிஐ-லயோ கட்டிட்டு சலானை பிடிஎஃப்பா சேமிங்க.

இங்க நடக்கற தப்பு ரெண்டு. சம்பாதிச்ச வருஷத்தையே Assessment Year-னு நினைச்சு 2025-26-ஐ அழுத்தறது, பணம் போன வருஷக் கணக்குக்குப் போயிடும். Self-Assessment Tax (300)-ஐ அழுத்தறது, அது வருஷம் முடிஞ்சு ரிட்டர்ன் போடறப்ப கட்டற வகை. கட்டின உடனே சலானைத் திறந்து இந்த ரெண்டு இடத்தையும் படிங்க. வருஷம் தப்பா இருந்தா ஏழு நாளைக்குள்ள போர்ட்டல்லயே Challan Correction-ல மாத்திக்கலாம், அதுக்கு மேல போனா அலைச்சல்தான்.

மார்ச் 15 வரைக்கும் காத்திருக்காதீங்க. மாசி முகூர்த்தம் முடிஞ்சு ஒரு நாள் ஓய்வு கிடைக்கும்ல, 10-ம் தேதிக்குள்ள கட்டுங்க, அதுக்கப்புறம் வர்ற புக்கிங்கோட லாபத்தையும் குத்துமதிப்பா சேர்த்து. கூட கட்டினது ரீஃபண்டா வந்துடும்.

11. மிச்சத்தை எப்ப தொடலாம்

நம்ம ஆர்ட்டிஸ்ட் 93,600 கட்டினப்புறம் மார்ச் 31-க்கு வரி அக்கவுண்ட்ல 20,400 இருக்கும். ஏப்ரல் 1-ம் தேதியே எடுத்துடாதீங்க. ரிட்டர்ன் போடறப்ப எஃப்டி வட்டி, மறந்து போன கிளாஸ் ஃபீஸ்னு ஏதாவது சேர்ந்து ஆயிரம் ரெண்டாயிரம் கூட கேக்கலாம், ஆடிட்டர் ஃபீஸும் இதுலயே கொடுத்துடலாம். ரிட்டர்ன் வெரிஃபை ஆனதும் மிச்சத்தை எடுத்துக்கோங்க, பொதுவா அது ஆடி மாசத்தை ஒட்டி வரும், வரவு இல்லாத அந்த மாசத்துக்கு உதவியா இருக்கும்.

புது வருஷத்து ஒதுக்கலை அதே அக்கவுண்ட்ல போடறவங்க நோட்டுல ஏப்ரல் 1-ல ஒரு கோடு கிழிச்சு, பழைய மிச்சம் எவ்ளோன்னு மேல எழுதிக்கோங்க. இல்லைன்னா சித்திரையில ஒதுக்கின புதுக் காசையும் சேர்த்து மிச்சம்னு நினைச்சு எடுத்துடுவீங்க. அப்புறம் 5-ம் ஸ்டெப்பை புது நம்பரோட ஒரு தடவை போட்டுட்டு சீசனுக்குள்ள போங்க.